டாக்டர் ஷெப்பர்ட் சொல்லாமல் விட்ட பத்து நிமிடம்

கதையைச் சொல்கிறவரே உண்மையை மறைக்கிறவராகவோ, தன் கண்முன் நடப்பது இன்னதென்று விளங்காதவராகவோ இருந்தால், அவரை நம்பகமற்ற கதைசொல்லி என்பது வழக்கம். அமெரிக்க விமர்சகர் வெய்ன் பூத் 1961இல் புனைகதையின் சொல்முறை குறித்து எழுதிய நூலில்தான் இந்தப் பெயர் முதலில் நிலைபெற்றது. உத்தி அதைவிட மிகப் பழையது. ஆனால் முதலிலேயே சந்தேகத்தை விதைத்து, கடைசியில் சரியான இடத்தில் உண்மையை உடைப்பது எப்படி என்பதைப் பிரித்துப் பார்க்க ஒரு நாவல் மற்றவற்றைவிட வசதியானது. அகதா கிறிஸ்டியின் ‘ரோஜர் அக்ராய்ட் கொலை’, 1926இல் புத்தகமாக வந்தது. அதன் முடிவைச் சொல்லாமல் அதன் வேலைப்பாட்டைப் பேச முடியாது என்பதால், இனி வரும் பத்திகளில் கொலையாளி யார் என்பது மறைக்கப்படவில்லை.

இங்கிலாந்தின் கிங்ஸ் அபட் என்ற கிராமத்தில் நடக்கும் கதை. சொல்பவர் உள்ளூர் மருத்துவர் ஜேம்ஸ் ஷெப்பர்ட். கல்யாணம் ஆகாதவர், ஊர்வம்பு முழுவதையும் வீட்டில் உட்கார்ந்தபடியே திரட்டிவிடும் அக்கா கரோலினுடன் வாழ்கிறார். ஃபெரர்ஸ் என்ற பணக்கார விதவை, அளவுக்கு மீறித் தூக்க மருந்து சாப்பிட்டு இறந்துபோகிறாள். கணவனுக்கு அவளே விஷம் வைத்தவள். அது தெரிந்த யாரோ ஒருவர் ஓராண்டாக அவளை மிரட்டிப் பணம் கறந்துகொண்டிருந்தார். அவளை மணக்க இருந்தவர் ரோஜர் அக்ராய்ட். மிரட்டியவரின் பெயரை எழுதி அவள் அனுப்பிய கடைசிக் கடிதம் அவர் கைக்கு வருகிறது. அன்றிரவே அவர் தன் அறையில் கத்திக்குத்துப்பட்டுக் கிடக்கிறார். பக்கத்து வீட்டில் பூசணி பயிரிட்டுக்கொண்டு ஓய்வாக இருக்கும் துப்பறிவாளர் பொய்ரோ விசாரணையில் இறங்குகிறார். ஷெப்பர்ட் அவருக்குத் துணை. மிரட்டியவரும் ஷெப்பர்ட்தான், கொன்றவரும் ஷெப்பர்ட்தான்.

வாசகர் ஏமாந்ததற்கு முதல் காரணம் ஷெப்பர்டின் சாமர்த்தியமல்ல, அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி. ஷெர்லக் ஹோம்ஸின் கதைகளை டாக்டர் வாட்சன் சொன்ன நாளிலிருந்து, துப்பறிவாளரின் பக்கத்தில் நின்று குறிப்பெடுக்கும் மருத்துவர் என்றால் நேர்மையானவர், கொஞ்சம் மந்தமானவர் என்று வாசகர் மனத்தில் ஒரு பழக்கம் ஏறியிருந்தது. கிறிஸ்டியே தன் முந்தைய பொய்ரோ கதைகளில் அந்த இடத்தில் ஹேஸ்டிங்ஸை வைத்திருந்தார். இந்த நாவலில் ஹேஸ்டிங்ஸை அர்ஜென்டினாவுக்கு அனுப்பிவிட்டு, காலியான நாற்காலியில் ஷெப்பர்டை உட்காரவைத்தார். நம்பகமற்ற கதைசொல்லியைப் படைக்கும் எழுத்தாளர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: இவரை நம்புவதற்கு வாசகரிடம் என்ன காரணம் ஏற்கெனவே இருக்கிறது? தொழிலா, வயதா, குடும்ப உறவா, பேச்சின் நிதானமா? அந்தக் காரணம் இல்லாவிட்டால், எவ்வளவு திறமையாக மறைத்தாலும் பயன் இல்லை.

இனி, சந்தேகத்தின் விதைகள். நாவலின் முதல் பக்கங்களிலேயே ஷெப்பர்ட் விதவையின் பிணத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார். நேரே உள்ளே போகாமல், தொப்பியையும் மேலங்கியையும் மாட்டும் சாக்கில் கூடத்திலேயே சில நிமிடங்கள் தாமதிக்கிறார். மனம் கலங்கிப்போயிருந்ததையும் அவரே சொல்லிவிடுகிறார். ஒரு நோயாளியின் சாவுக்கு மருத்துவர் வருந்துகிறார், அக்காவின் குடைச்சலுக்குப் பயந்து தயங்குகிறார் என்று வாசகர் அதை எடுத்துக்கொள்வார். இரண்டாம் முறை படிக்கும்போது அதே கலக்கம் வேறு நிறம் காட்டுகிறது: பொன்முட்டையிட்ட வாத்து செத்துவிட்டது, சாவதற்கு முன் யாரிடமாவது ஏதாவது சொல்லிவிட்டதா என்பது தெரியவில்லை. கலக்கம் உண்மையானது. காரணத்தை மட்டும் அவர் சொல்லவில்லை; அதை வாசகரே இட்டு நிரப்பிக்கொண்டார்.

அடுத்தது பணம். பொய்ரோவோடு அறிமுகமாகும் காட்சியில், தமக்குப் பரம்பரைச் சொத்தாகக் கொஞ்சம் பணம் வந்ததாகவும் அதைச் சுரங்கப் பங்குகளில் போட்டுத் தொலைத்துவிட்டதாகவும் ஷெப்பர்ட் பேச்சுவாக்கில் சொல்கிறார். அக்கம்பக்கத்தார் இருவர் தங்கள் முட்டாள்தனத்தைச் சொல்லிச் சிரித்துக்கொள்வதாகவே அந்தக் காட்சி கடந்துபோகிறது. அப்படியொரு சொத்து வந்ததற்கு எந்தத் தடயமும் இல்லை என்று பொய்ரோ பிறகு கண்டுபிடிக்கிறார். விதவையிடமிருந்து கறந்த 20,000 பவுண்டுக்குக் கணக்குக் காட்டத்தான் அந்தக் கதை. சந்தேகத்தை விதைக்கும்போது அதன்மேல் நகைச்சுவையையோ வேறொரு அவசரத்தையோ போர்த்திவைப்பது கிறிஸ்டியின் வழக்கம். வாசகரின் கண் சிரிப்பில் நிற்கும், தகவல் மட்டும் உள்ளே இறங்கிவிடும். தம்பி பலவீனமானவன் என்று கரோலின் சொல்லும் இடமும் இப்படித்தான். அக்காக்காரியின் வழக்கமான நச்சரிப்பு என்று தள்ளிவிடத் தோன்றும் அந்தப் பேச்சில்தான் குற்றவாளியின் குணம் முழுதாக இருக்கிறது.

நாவலின் மையம் நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது. அங்கேதான் கொலையும் நடக்கிறது. இரவு எட்டு நாற்பதுக்குக் கடிதம் அக்ராய்டின் அறைக்கு வந்ததாக ஷெப்பர்ட் எழுதுகிறார். அக்ராய்ட் அதைப் படிக்கத் தொடங்கி, பெயர் வரும் இடத்துக்கு முன்பே நிறுத்திவிட்டு, மீதியைத் தனியாகப் படித்துக்கொள்வதாகச் சொல்கிறார். எட்டு ஐம்பதுக்குத் தாம் கிளம்பியதாக அடுத்த வாக்கியம். அப்போதும் கடிதம் படிக்கப்படாமலேயே இருந்ததாம். கதவருகில் ஒரு கணம் நின்று, செய்யாமல் விட்டது ஏதேனும் உண்டா என்று திரும்பிப் பார்த்ததாகவும் எழுதுகிறார். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கடிதம் வந்ததும் உண்மை, கிளம்பியதும் உண்மை, படிக்கப்படாமல் இருந்ததும் உண்மை; படிக்க வேண்டியவர் அதற்குள் இறந்திருந்தார். இரண்டு வாக்கியங்களுக்கு இடையில் பத்து நிமிடம் இருக்கிறது, அதற்கு நேரக் கணக்கும் அச்சில் இருக்கிறது. ஆனால் நட்பாகப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று வாசகர் தாமாகவே அந்த இடைவெளியை மூடிவிடுகிறார்.

அந்த வீட்டின் வெளிவாசலைத் தாண்டும்போது தேவாலய மணி ஒன்பது அடித்ததாக ஷெப்பர்ட் பிறகு குறிப்பிடுகிறார். வீட்டிலிருந்து வாசலுக்கு ஐந்து நிமிட நடைதான். எட்டு ஐம்பதுக்குக் கிளம்பியவர் ஒன்பதுக்கு அங்கே இருந்தால், ஐந்து நிமிடம் எங்கே போயிற்று? தோட்டத்துக் குடிலில் வேறொருவரின் காலணியை மாட்டிக்கொண்டு, சன்னல் வழியாக அறைக்குள் மறுபடி இறங்கி, கதவை உள்பக்கமாகப் பூட்டி, வந்த வழியே வெளியேறிக் காலணி மாற்றிக்கொண்டு ஓடிவந்ததில் போயிற்று. இந்தக் கழித்தல் கணக்குக்கு வேண்டிய எண்கள் எதையும் கிறிஸ்டி ஒளிக்கவில்லை. பொய்ரோ போட்ட கணக்கை வாசகரும் போட்டிருக்கலாம்.

இதைவிட நுட்பமானது தொலைபேசிக் காட்சி. இரவு பத்தேகாலுக்கு ஷெப்பர்டின் வீட்டில் மணி அடிக்கிறது. அவர் எடுக்கிறார், மறுமுனையில் யார், என்ன சொன்னார் என்று கதைசொல்லியாக அவர் எழுதுவதில்லை. அவர் வாயிலிருந்து வரும் அதிர்ச்சிச் சொற்கள் மட்டுமே பக்கத்தில் இருக்கின்றன. பிறகு மாடியேறி ஓடியபடி, அக்ராய்ட் கொலையுண்டதாக அந்த வீட்டு பட்லர் பார்க்கர் சொன்னார் என்று அக்காவிடம் கத்துகிறார். உண்மையில் பேசியவர் கப்பலில் வேலைசெய்யும் ஒரு நோயாளி. ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடும்படி ஷெப்பர்டே ஏற்பாடு செய்திருந்தார். பொய் இருக்கிறது, ஆனால் அது மேற்கோள் குறிக்குள், அக்காவிடம் சொன்ன பேச்சில் இருக்கிறது. கதைசொல்லி வாசகரிடம் பேசும் வாக்கியத்தில் இல்லை. இந்த நாவலின் கட்டுமானமே இந்த எல்லைக்கோட்டில்தான் நிற்கிறது. ஷெப்பர்ட் என்ற பாத்திரம் யாரிடம் வேண்டுமானாலும் பொய் சொல்லலாம். ஷெப்பர்ட் என்ற கதைசொல்லி மறைக்கலாம், சுருக்கலாம், இருபொருள்பட எழுதலாம். நடக்காததை நடந்ததாக மட்டும் எழுதக் கூடாது.

அந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்குச் சினிமாவில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஹிட்ச்காக்கின் ‘ஸ்டேஜ் ஃப்ரைட்’ (1950) படத் தொடக்கத்தில் ஒருவன் நடந்ததைச் சொல்ல, அது காட்சியாகவே திரையில் விரிகிறது. கடைசியில் அது பொய் என்று தெரிகிறது. பார்வையாளர் அதைச் சாமர்த்தியமாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏமாற்றாகவே எடுத்துக்கொண்டார்கள். ஹிட்ச்காக்கும் பின்னாளில் அதைத் தன் தவறு என்று ஒப்புக்கொண்டார். வாயால் சொன்னதைச் சந்தேகிக்கத் தெரிந்த மனம், கண்ணால் பார்த்ததைச் சந்தேகிக்க எளிதில் சம்மதிப்பதில்லை. இதைச் சமாளிக்க ஒரு வழி, பல பேர் சொல்வதை அடுத்தடுத்துக் காட்டுவது. எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) ஒரு கொலையைப் பற்றி ஒவ்வொருவரும் வேறொருவரைக் கைகாட்டும் காட்சிகளாக நகர்கிறது. ‘விருமாண்டி’ (2004) ஒரே பகையை இருவர் வாயால் இரண்டு முறை சொல்கிறது. இவற்றில் ஒரு சாட்சியத்தை இன்னொன்று சோதிக்கிறது. ஒரே குரல் மட்டும் இருக்கும் நாவலுக்கு அந்த வசதி கிடையாது. அந்தக் குரலே தன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

தமிழில் இப்படி எழுத உட்காருகிறவர் முதலில் மோதுவது வினையெச்சத்தோடுதான். ஒரு கூட்டுறவுச் சங்கச் செயலர் சொல்லும் கதை என்று வைத்துக்கொள்ளலாம். “ஐந்தரைக்குக் கணக்கை முடித்து, பணத்தை எண்ணி வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்” என்று எழுதினால், ‘முடித்து’, ‘வைத்து’, ‘விட்டு’ ஆகியவை செயல்களைச் சங்கிலியாகப் பிணைத்துவிடுகின்றன. பணத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாக அவர் உறுதிமொழியே கொடுத்துவிட்டார். பணத்தை எடுத்தவர் அவரே என்றால் இது பொய். “ஐந்தரைக்குக் கணக்கு முடிந்தது. பெட்டியில் 42,000 ரூபாய் இருந்தது. ஆறு மணிக்குப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்” என்று முற்றுவினைகளாக உடைத்தால், மூன்றும் உண்மை, நடுவில் அரைமணி நேரம் திறந்து கிடக்கிறது. பூட்டும்போது பணம் உள்ளே இருந்ததாக அவர் சொல்லவே இல்லை. ஆங்கிலத்தில் கிறிஸ்டிக்கு இரண்டு வாக்கியங்களுக்கு இடையில் கிடைத்த பிளவு, தமிழில் முற்றுப்புள்ளி வைக்கும் இடத்தில் கிடைக்கிறது.

இன்னொரு கருவி ‘ஆம்’ விகுதி. “வாட்ச்மேன் வந்தானாம்” என்றால் சொல்பவர் நேரில் பார்க்கவில்லை, அல்லது பார்த்ததற்குப் பொறுப்பேற்க விரும்பவில்லை. தான் இருந்த இடத்தில் நடந்ததைப் பற்றி ஒரு கதைசொல்லி திடீரென்று ‘ஆம்’ போட்டுப் பேசத் தொடங்கினால், கூர்ந்து படிக்கிறவருக்கு அங்கே ஏதோ இடறும். விதைக்கு இது போதும். ஒரு அத்தியாயத்தில் ஒரு முறை வந்தால் போதும்; நாலு முறை வந்தால் கைகாட்டி மரம் நட்டதாகிவிடும்.

உண்மையை எங்கே உடைப்பது என்ற கேள்விக்கு அக்ராய்ட் நாவல் தரும் விடை கணக்காக இருக்கிறது. மொத்தம் 27 அத்தியாயங்கள். 25ஆவதன் கடைசிச் சொற்களில்தான் பொய்ரோ ஷெப்பர்டின் பெயரைச் சொல்கிறார். 26ஆவது அத்தியாயம் தடயங்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்காட்டுகிறது: காணாமல்போன ஐந்து நிமிடம், இடம் மாறிய நாற்காலி, ஒன்பதரைக்கு அறைக்குள் கேட்ட அக்ராய்டின் குரல் ஒலிப்பதிவுக் கருவியிலிருந்து வந்தது என்பது. 27ஆவது ஷெப்பர்டின் வாக்குமூலம். அதில் அவர் தன் பழைய வாக்கியங்களைத் தானே எடுத்துக்காட்டி, எவ்வளவு பக்குவமாக எழுதியிருந்தேன் என்று ஒரு கைவினைஞரின் பெருமையோடு பார்க்கிறார். கொலையாளி தன் உரைநடையை ரசிக்கும் அந்த இடம் நாவலிலேயே மிகவும் குளிர்ந்த இடம்.

உடைப்பு இவ்வளவு தாமதமாக வருவதற்குக் காரணம், அக்ராய்ட் நாவலில் உண்மை தெரிந்தபின் சொல்வதற்குப் புதுக்கதை இல்லை. திரும்பிப் பார்ப்பது ஒன்றுதான் மிச்சம். ஆனால் திடீரென்று வரவும் இல்லை. 23ஆவது அத்தியாயத்திலேயே ஷெப்பர்ட், தாம் அதுவரை எழுதிய கையெழுத்துப் பிரதியைப் பொய்ரோவிடம் படிக்கக் கொடுக்கிறார். அவர் பாராட்டுகிறார், எழுதியவர் தன்னைப் பின்னணியிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார் என்றும் சொல்கிறார். அதுவரை இந்த வரிகளை யார், எதற்காக, எப்போது எழுதுகிறார் என்று வாசகர் கேட்டிருக்கமாட்டார். அந்தக் கேள்வி இப்போது மேசைமேல் வந்துவிட்டது. இரண்டு அத்தியாயம் கழித்துப் பெயர் விழும்போது, தரை ஏற்கெனவே லேசாக ஆடியிருக்கிறது. கொலைகாரர் ஏன் எல்லாவற்றையும் எழுதிவைத்தார் என்ற ஓட்டையும் இதிலேயே அடைபடுகிறது: பொய்ரோ தோற்ற வழக்கு என்று வெளியிடும் எண்ணத்தில்தான் அவர் எழுதத் தொடங்கினார்.

உண்மை தெரிந்தபின் புதுக்கதை தொடங்குமானால் உடைப்பு நடுவிலேயே வரவேண்டும். கில்லியன் ஃப்ளின்னின் ‘கான் கேர்ள்’ (2012) அப்படித்தான். காணாமல்போன மனைவியின் நாட்குறிப்பு போலீஸை ஏமாற்ற ஜோடிக்கப்பட்டது என்று பாதியில் தெரிகிறது. மீதிப் பாதி அவள் அடுத்து என்ன செய்வாள் என்பது. அங்கே அப்பட்டமான பொய்கள் உண்டு, ஆனால் அவை கதைக்குள் இருக்கும் ஓர் ஆவணத்தின் பொய்கள். ஒருவர் எழுதி வேறொருவர் கண்ணில் படவேண்டும் என்று வைத்தவை. அதனால் அவை எல்லை மீறியதாகத் தோன்றுவதில்லை.

உடைப்பு என்று ஒன்று தேவையே இல்லாத வகையும் உண்டு. கசுவோ இஷிகுரோவின் ‘தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே’ (1989) நாவலைச் சொல்பவர் ஸ்டீவன்ஸ் என்ற பட்லர். தன் எஜமான் டார்லிங்டன் பிரபுவைப் பற்றியும் தன்னைப் பற்றியும் தனக்கே பொய் சொல்லிக்கொள்பவர். மாளிகையில் மாநாடு நடக்கும் இரவில் மாடியில் அவர் அப்பா இறந்துபோகிறார். ஸ்டீவன்ஸ் விருந்தினருக்கு மது பரிமாறிக்கொண்டிருக்கிறார். தான் அழுததாக அவர் ஓரிடத்திலும் எழுதவில்லை. உடம்பு சரியில்லையா என்று ஒருவர் கேட்கிறார், அழுததுபோல இருக்கிறாயே என்று பிரபு கேட்கிறார். நாள் முழுக்க வேலை என்று பதில் வருகிறது. சொல்பவர் மறைப்பதை எதிரில் நிற்பவரின் பேச்சு வெளியே இழுத்துவிடுகிறது. இங்கே உண்மை வாசகருக்குச் சிறுகச் சிறுக முன்பே தெரிந்துவிடும். கதைசொல்லி எப்போது ஒப்புக்கொள்வார் என்பதற்குத்தான் காத்திருப்பு. கடைசிப் பக்கங்களில், கடற்கரை ஊர் ஒன்றில் முன்பின் தெரியாத ஒருவரிடம் அவர் ஒப்புக்கொள்கிறார்.

இந்த உத்தி தவறிப்போகும்போது பெரும்பாலும் இரண்டு வகையில் தவறுகிறது. ஒன்று, விதையே இல்லாமல் அறுவடை. கடைசிப் பக்கத்தில் எல்லாம் கனவு, எல்லாம் மனப்பிறழ்வு என்று முடிப்பது இந்தக் கணக்கில் சேரும். முடிவு தெரிந்தவர் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பி அங்கே விரல் வைக்க ஒரு வாக்கியம்கூட இல்லையென்றால் அது இந்த வகை. மற்றது, விதை செடியாகி வெளியே தெரிவது. கதைசொல்லி அடிக்கடி ‘என்னை நம்புங்கள்’ என்பார், நினைவு தவறுவதாகப் புலம்புவார், தேவையில்லாமல் நேரம் குறிப்பார். வாசகர் மூன்றாம் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிட்டுக் கொட்டாவி விடுவார். இதைத் தவிர்க்க எழுதுகிறவர்கள் கையாளும் எளிய வழி, நடந்தது நடந்தபடி ஒரு காலக்கோடு போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. கதைசொல்லியின் ஒவ்வொரு வாக்கியத்தையும் அதோடு ஒப்பிட்டு, குற்றமற்றவர் சொன்னாலும் பொருந்துகிறதா, குற்றவாளி சொன்னாலும் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் பொருந்தும் வாக்கியம் திருத்தப்பட வேண்டியது. கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும்போது, “முடிவு எப்படி?” என்று கேட்பதைவிட, “எந்த இடத்தில் லேசாக உறுத்தியது?” என்று கேட்பது பயனுள்ளது.

அக்ராய்ட் நாவல் நியாயமாக ஆடியதா என்ற சண்டை 1926லேயே தொடங்கிவிட்டது. வாசகரை முதுகில் குத்திவிட்டார் என்று சிலர் கொதித்தார்கள். எல்லோரையும் சந்தேகிப்பது வாசகரின் வேலை என்று டோரதி சேயர்ஸ் கிறிஸ்டியின் பக்கம் நின்றார். 1929இல் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தபோது, துப்பறிவாளரின் தோழர் தன் மனத்தில் ஓடுவதை வாசகரிடமிருந்து ஒளிக்கக் கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. பிரிட்டனின் குற்றக்கதை எழுத்தாளர் சங்கம் 2013இல் வாக்கெடுத்து, எல்லாக் காலத்துக்கும் சிறந்த குற்ற நாவல் என்று இதைத் தேர்ந்தது.

பியர் பயார் என்ற பிரெஞ்சு விமர்சகர் 1998இல் இதே நாவலைப் பற்றித் தனி நூலே எழுதினார். இருபத்தைந்து அத்தியாயம் ஏமாற்றிய ஒருவரின் வாக்குமூலத்தை மட்டும் ஏன் நம்ப வேண்டும் என்பது அவர் கேள்வி. தடயங்களை மறுபடி கூட்டிக் கழித்து, கொன்றவள் கரோலின், தம்பி அவளைக் காப்பாற்றப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டான் என்று அவர் வாதிட்டார்.